எலிகள் இறந்த பின் பன்னிரண்டாம் நாள்

மாட்டுங்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் கிங்ஸ் சர்க்கிளையும் ஐந்து தோட்டங்களையும் நன்கு அறிவர். அங்குள்ள தெருக்கள் நேராகவும் அகலமாகவும் அமைந்துள்ளன. வீடுகளுக்கிடையே இடைவெளி விடப்பட்டுள்ளது. சற்றுத் தொலைவிலுள்ள தாராவியிலோ, தெற்கே மாண்ட்வியிலோ இத்தகைய தெருக்களைக் காண்பது அரிது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு கொள்ளைநோயும், அதன் காரணத்தைப் பற்றி நிலவிய பிழையான கருத்தொன்றும் உள்ளன. அக்கருத்து எவ்வாறு தோன்றியது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதே இப்பாடம்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்திருந்தன. அங்கே மருத்துவத் தொழில் புரிந்துவந்த கோவா மருத்துவர் அகாசியோ வீகாஸ், கடுங்காய்ச்சலுடன் தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறிக்கட்டியிருந்த நோயாளிகளைக் கண்டார். அவர்களுள் பலர் சில நாட்களுக்குள் உயிரிழந்தனர். இது பிளேக் நோய் என்று அவர் உறுதிபட அறிவித்தார். அவர் நகராட்சி உறுப்பினராகவும் இருந்தமையால் செய்தி உடனே மன்றத்தை எட்டியது. பெருவணிக நகரொன்றில் பிளேக் என்று கூறினால் கப்பல்கள் வாரா, வணிகம் நிற்கும், மக்கள் ஊரைவிட்டு ஓடுவர். ஆதலின் பலர் அவர் கூற்றை ஏற்கத் தயங்கினர்.

எனவே முதற்பணி, நோய் இன்னதென உறுதி செய்வதாயிற்று. காய்ச்சலும் நெறிக்கட்டும் வேறு நோய்களிலும் தோன்றும். காலில் புண் ஏற்பட்டால்கூடத் தொடையிடுக்கில் நெறிகட்டுவதைச் சிறுவர்களும் அறிவர். ஆகவே கண்ணால் கண்டது மட்டும் போதாது. இரண்டாண்டுகளுக்கு முன்பு, 1894இல், ஹாங்காங்கில் பரவிய பிளேக்கின்போது அலெக்சாண்டர் எர்சின் என்னும் அறிஞர் அந்நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்திருந்தார். அதே நுண்ணுயிர் பம்பாய் நோயாளிகளிடமும் உள்ளதா என்பதே இப்போதைய வினா. அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து வரவழைக்கப்பட்ட வால்டெமர் ஹாஃப்கின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆய்வகத்தை அமைத்துக்கொண்டு பணியாற்றினார். நெறிக்கட்டிலிருந்து எடுத்த நீரை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபோது அந்நுண்ணுயிர் காணப்பட்டது. வீகாஸ் கூறியது சரியென நிறுவப்பட்டது. அவருடைய சிலை இன்றும் மெட்ரோ திரையரங்கின் அருகே நிற்கிறது. அவ்வழியே பேருந்தில் செல்வோருள் அவர் யாரென அறிந்தவர் சிலரே.

நோய் உறுதியானாலும் மற்றொரு வினா எஞ்சியிருந்தது. சிலருக்கு மட்டும் வந்த நோயா, அல்லது வழக்கத்தை மீறிப் பரவுகின்ற நோயா? இதனை அறிய வழக்கம் எது என்பது தெரிந்திருக்க வேண்டும். பம்பாய் நகராட்சி வாரந்தோறும் இறப்புகளைப் பதிவு செய்து வந்தது பெரிதும் உதவியது. ஒரு வாரத்தின் இறப்புகளை, முந்தைய ஆண்டுகளில் அதே வாரத்தில் நிகழ்ந்த இறப்புகளோடு ஒப்பிட்டால் மிகுதி எவ்வளவு என்பது புலப்படும். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கினால் இறப்புகள் கூடுவது இயல்பு. ஆகவே செப்டம்பரைச் செப்டம்பரோடு ஒப்பிட வேண்டுமேயன்றி ஏப்ரலோடு ஒப்பிடலாகாது.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பிளேக் என்று தெரிந்தால் அலுவலர்கள் வீட்டுக்குள் நுழைவர். நோயாளியை மருத்துவமனைக்குக் கட்டாயமாகக் கொண்டுசெல்வர். துணிகளையும் பொருள்களையும் எரிப்பர். இவற்றுக்கு அஞ்சிய மக்கள் நோயை மறைத்தனர். பதிவேட்டில் பல இறப்புகள் ‘காய்ச்சல்’ என்றே எழுதப்பட்டன. அதனால் பிளேக் என்னும் கட்டத்தில் எழுதப்பட்ட எண்ணிக்கை உண்மையைக் காட்டவில்லை. ஆயினும் காரணத்தை மறைக்க முடிந்ததேயன்றி இறப்பை மறைப்பது அவ்வளவு எளிதன்று. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த இறப்புகளை எண்ணி, வழக்கமான எண்ணிக்கையை அதிலிருந்து கழித்தபோது நோயின் உண்மையான அளவு ஏறக்குறைய வெளிப்பட்டது. கொரோனாக் காலத்திலும் பல நாடுகளில் ஆய்வாளர்கள் இம்முறையையே கையாண்டனர்.

அடுத்த பணி, யாரை நோயாளி என எண்ணுவது என்பதை வரையறுத்தல். ஒருவர் காய்ச்சல் வந்த அனைவரையும் எண்ண, மற்றொருவர் நெறிக்கட்டியோரை மட்டும் எண்ணினால் இருவரின் கணக்கும் பொருந்தாது. ஆகவே எண்ணத் தொடங்குமுன்பே விதியொன்றை வகுத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘குறித்த வட்டாரத்தில் குறித்த நாளுக்குப் பின் திடீர்க் காய்ச்சலும் நெறிக்கட்டும் கண்டவர் ஐயத்திற்குரிய நோயாளி; அவர்களுள் நுண்ணுயிர் காணப்பட்டவர் உறுதியான நோயாளி’ என விதிக்கலாம். விதி மிகத் தளர்ந்திருந்தால் மலேரியா நோயாளிகளும் கணக்கில் புகுவர். மிக இறுகியிருந்தால் ஆய்வகத்துக்கு வராதவர் அனைவரும் விடுபடுவர். தொடக்கத்தில் சற்றுத் தளர்வாக வைத்துப் பின்னர் இறுக்குவதே நல்லது.

இவ்வாறு வரையறுத்த பின், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரியென ஒதுக்கிப் பட்டியல் எழுதப்படும். வயது, தொழில், வீடு, நோய் தொடங்கிய நாள், முடிவு ஆகியன அதில் இடம்பெறும். இவற்றுள் எளிதில் கிடைக்காததும் மிகவும் தேவையானதும் நோய் தொடங்கிய நாளே. மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளி சேர்க்கப்பட்ட நாள் இருக்கும். சுடுகாட்டுப் பதிவேட்டில் இறந்த நாள் இருக்கும். முதன்முதலில் உடல் சுட்டது எந்நாளில் என்பதை அறிய வீட்டாரிடம் சென்று பொறுமையாகக் கேட்டால்தான் முடியும். ‘பண்டிகைக்கு முந்தைய நாள்’, ‘கூலி வாங்கிய அன்று’ என்று அவர்கள் கூறுவதைத் தேதியாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

பட்டியல் ஆயத்தமானதும் பரவல் வரைபடம் வரையப்படும். கிடைக்கோட்டில் நாட்கள், நெடுக்கோட்டில் நோயாளிகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கட்டம் என அடுக்கிக்கொண்டே போனால் படம் தானே ஒரு வடிவம் பெறும். திருமண விருந்தில் கெட்டுப்போன உணவை உண்டவர்களுக்கு நோய் வந்தால், நோயாளிகள் அனைவரும் ஓரிரு நாட்களுக்குள் வருவர். படம் ஒரே செங்குத்தான மலைபோல் எழுந்து தாழும். தட்டம்மைபோல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் நோயாயின், முதல் சில நாட்களில் சிறு மேடு, ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குப் பின் அதனினும் பெரிய மேடு, பின்னும் பெரிய மேடு என அலையலையாகத் தோன்றும். இரு மேடுகளுக்கு இடைப்பட்ட காலம், நோய் ஓர் உடலில் புகுந்து வெளிப்பட்டு அடுத்தவரைத் தொற்ற எடுத்துக்கொள்ளும் காலத்தை ஒட்டியிருக்கும். கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்டதை நோயரும்பு காலம் என்பர்.

பம்பாயின் பிளேக் படம் இவ்விரு வடிவங்களிலும் அடங்கவில்லை. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அது எழுந்தது. வேனிலின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டியது. வெயில் கடுமையானதும் தாழ்ந்தது. மழைக்காலத்தில் ஏறக்குறைய மறைந்தது. மீண்டும் குளிர்காலத்தில் எழுந்தது. இதற்குக் காரணம் கூற முயன்றவர்கள் பல கருதுகோள்களை முன்வைத்தனர். கருதுகோள் என்பது முடிவன்று. சோதித்துப் பார்ப்பதற்குரிய ஊகம்.

அக்காலத்தில் ஆட்சியாளரிடையே ஓங்கியிருந்த கருதுகோள், நோய் அழுக்கிலிருந்தும் கெட்ட காற்றிலிருந்தும் பிறக்கிறது என்பது. அதனை நம்பிய நகராட்சி, கார்பாலிக் அமிலம் கலந்த நீரையும் கடல்நீரையும் சாக்கடைகளில் பாய்ச்சியது. வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசியது. ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டது. மற்றொரு கருதுகோள், நோயாளியைத் தொடுவதால் நோய் பரவுகிறது என்பது. அதனால் வீடுதோறும் சோதனை நடந்தது, நோயாளிகள் பிரிக்கப்பட்டனர். மருத்துவமனைக்குச் சென்றவர் திரும்பி வருவதில்லை என்னும் அச்சம் பரவியது. 1896 அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். இன்று கஸ்தூரிபா மருத்துவமனை என்னும் பெயரில் தொற்றுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்ப்பது அதுவே. நகரில் வாழ்ந்த ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்களுள் இலட்சக்கணக்கானோர் சில மாதங்களுக்குள் ஊரைவிட்டு வெளியேறினர். பிழையான கருதுகோளுக்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று.

தொடுவதால் பரவுகிறது என்னும் கருதுகோளை ஒரு செய்தி அசைத்தது. பிளேக் மருத்துவமனைகளில் நோயாளியின் அருகிலேயே அமர்ந்து, நீர் புகட்டி, உடல் துடைத்த உறவினருக்கும் செவிலியருக்கும் நெறிக்கட்டும் பிளேக் அரிதாகவே வந்தது. தொடுதல் காரணமாயின் அவர்களன்றோ முதலில் நோயுற்றிருக்க வேண்டும்? (நுரையீரலைத் தாக்கும் பிளேக் இதற்கு விலக்கு, அது இருமலால் நேரே பரவும். பம்பாயில் நெறிக்கட்டும் வகையே மிகுதி.) மாறாக, நோயாளியைக் காணாமலே ஒரு வீட்டில் இரவு தங்கியவர் நோயுற்றதுண்டு. ஆகவே நோய் மனிதரிடத்தில் அன்றி வீட்டில் தங்கியிருப்பதுபோல் தோன்றியது. அத்தகைய வீடுகளில் ஒரு பொதுத்தன்மை இருந்தது. அங்கே எலிகள் செத்துக் கிடந்தன.

எலிகள் சாவதற்கும் பிளேக்கிற்கும் தொடர்புண்டு என்பதை மக்கள் முன்பே அறிந்திருந்தனர். எலிகள் விழத் தொடங்கியதும் வீட்டைவிட்டு வெளியேறும் வழக்கம் இந்தியாவின் சில பகுதிகளில் நெடுங்காலமாக இருந்தது. ஆயினும் எலியிலிருந்து மனிதருக்கு நோய் எவ்வழியில் வருகிறது என்பதை எவரும் நிறுவவில்லை. 1898இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று சோதனை செய்து கூறினார். அவருடைய சான்றுகள் போதா என்று பலர் அதனை ஒதுக்கினர்.

பம்பாயில் அந்த ஊகத்தை மீண்டும் கையில் எடுத்தவர் கிளென் லிஸ்டன். 1903 ஏப்ரலில் ஒரு சாலில் எலிகள் மிகுதியாகச் செத்து விழுந்தன. பின்னர் எலிகளின் சாவு திடீரென நின்றது. சில நாட்கள் கழிந்ததும் அங்கு வாழ்ந்தோர் தெள்ளுப்பூச்சிகளின் தொல்லையால் அறைகளில் உறங்க இயலாமல் தாழ்வாரத்தில் படுத்தனர். அதன்பின் அவர்களுள் பிளேக் தோன்றியது. லிஸ்டன் அங்கிருந்த மனிதர்களின் உடலிலிருந்து 30 பூச்சிகளைப் பிடித்து ஆராய்ந்தார். அவற்றுள் 14 எலியின் பூச்சிகள். வேறிடங்களில் வழக்கமான நாட்களில் மனிதரிடம் பிடித்த 246 பூச்சிகளில் ஒன்று மட்டுமே எலியின் பூச்சி. எலி உயிரோடிருக்கும்வரை பூச்சி அதனை விட்டு அகல்வதில்லை; எலி இறந்து உடல் குளிர்ந்த பின், வேறு எலி கிடைக்காதபோதுதான் மனிதரை நாடுகிறது.

1905இல் அமைக்கப்பட்ட பிளேக் ஆய்வுக்குழு பரேலிலுள்ள ஆய்வகத்தில் இப்பணியைத் தொடர்ந்தது. இன்று அது ஹாஃப்கின் நிறுவனம் எனப்படுகிறது. நகரெங்கும் பிடிக்கப்பட்டனவும் இறந்து கிடந்தனவுமாகிய எலிகள் அங்குக் கொண்டுவரப்பட்டன. ஓராண்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்து ஆராய்ந்து, எவ்விடத்தில், எந்நாளில், எத்தனை எலிகளிடம் பிளேக் இருந்தது எனக் குறித்தனர். பின்னர் மனிதருக்கு வரைந்ததுபோலவே எலிகளுக்கும் பரவல் வரைபடம் வரைந்தனர். மூன்று கோடுகள் ஒரே தாளில் அமைந்தன. முதலில் சாக்கடை எலிகளின் கோடு எழுந்தது. ஏறத்தாழப் பத்து நாட்களுக்குப் பின் வீட்டெலிகளின் கோடு எழுந்தது. அதற்கும் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குப் பின்னரே மனிதரின் கோடு எழுந்தது. சாக்கடை எலி நோயை வட்டாரத்துக்குக் கொணர்ந்து, வீட்டெலி அதனை அறைக்குள் கொணர்கிறது என்பதை இந்த வரிசை உணர்த்தியது.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எலி இறந்த பின் பூச்சி ஏறத்தாழ மூன்று நாட்கள் பசித்திருந்து மனிதரைக் கடிக்கிறது. கடித்தபின் காய்ச்சல் தொடங்க ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகின்றன. நோயாளி இறப்பதாயின் ஐந்தாறு நாட்களுக்குப் பின் இறக்கிறார். மூன்றும் மூன்றும் ஆறும் சேர்ந்தால் பன்னிரண்டு. பூச்சி இடையில் இல்லையெனில் இந்த இடைவெளியை விளக்குவது கடினம்.

கீழுள்ள அட்டவணை பயிற்சிக்காக அமைத்த கற்பனைக் கணக்கு. ஒரு சாலில் மூன்று வாரங்களில் நிகழ்ந்ததாகக் கொள்க.

| நாட்கள் | இறந்த எலிகள் | நோய் தொடங்கியோர் | இறந்தோர் |
|---|---|---|---|
| 1–3 | 3 | 0 | 0 |
| 4–6 | 9 | 0 | 0 |
| 7–9 | 4 | 2 | 0 |
| 10–12 | 1 | 6 | 0 |
| 13–15 | 0 | 3 | 1 |
| 16–18 | 0 | 1 | 4 |
| 19–21 | 0 | 0 | 2 |

கட்டத்தாளில் மூன்று நிறங்களால் இதனை வரைந்தால் மூன்று மேடுகள் தோன்றும். எலிகளின் உச்சம் ஐந்தாம் நாளை ஒட்டியும், நோய் தொடங்கியோரின் உச்சம் பதினோராம் நாளை ஒட்டியும், இறந்தோரின் உச்சம் பதினேழாம் நாளை ஒட்டியும் அமையும். எலிக்கும் நோய்த் தொடக்கத்துக்கும் இடையே ஆறு நாட்கள். எலிக்கும் மனிதர் இறப்புக்கும் இடையே பன்னிரண்டு நாட்கள். நோய் தொடங்கிய நாளுக்குப் பதிலாக இறந்த நாளைக் கொண்டு வரைந்த ஒருவர், பூச்சியின் பயணத்தை உண்மையைவிட இருமடங்கு நீண்டதாகக் கணித்துவிடுவார். தேதியை வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று மேலே கூறியது இதனால்தான். மேலும், பதினைந்தாம் நாளில் இந்தச் சாலுக்கு வந்து பார்க்கும் அலுவலரின் கண்ணில் புதிதாய் இறந்த எலி ஒன்றும் படாது. எலிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றே அவர் எழுதிச் செல்லக்கூடும்.

எனினும் ஒரு கோட்டைப் பின்தொடர்ந்து மற்றொரு கோடு எழுவதால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. குளிர்காலம் இரண்டையும் தனித்தனியே எழுப்பியிருக்கலாமன்றோ? இந்த ஐயத்தைத் தீர்க்க ஆய்வுக்குழு சோதனைகளை மேற்கொண்டது. பிளேக்கால் நோயுற்ற கினிப்பன்றிகளையும் நலமான கினிப்பன்றிகளையும் தெள்ளுப்பூச்சியே இல்லாத ஓர் அறையில் ஒன்றாக வாழவிட்டனர். அவை ஒரே இடத்தில் உண்டு உறங்கியும் நலமானவற்றுக்கு நோய் வரவில்லை. எலியின் பூச்சிகளை அறைக்குள் விட்டதும் நோய் பரவியது.

இன்னொரு சோதனை மிக எளியது. பூச்சிகள் நிறைந்த தரைக்கு இரண்டு அங்குல உயரத்தில் ஒரு கூண்டையும், இரண்டு அடி உயரத்தில் மற்றொரு கூண்டையும் தொங்கவிட்டனர். எலியின் பூச்சி ஏறத்தாழ நான்கு அங்குலமே தாவவல்லது. தாழ்ந்த கூண்டிலிருந்த விலங்குக்குப் பிளேக் வந்தது. உயர்ந்த கூண்டிலிருந்த விலங்குக்கு வரவில்லை. இரண்டும் ஒரே அறையின் காற்றையே சுவாசித்தன. கெட்ட காற்றுக் கருதுகோள் அந்த இரண்டடி இடைவெளியில் வீழ்ந்தது. குளிர்காலத்தில் நோய் ஏன் எழுகிறது என்பதற்கும் விடை கிடைத்தது: கடும் வெயிலில் பூச்சிகள் நெடுநாள் வாழ்வதில்லை.

ஆனால் இவ்விடை கிடைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1898இல், பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தொடங்கப்பட்டுவிட்டது. கெட்ட காற்றே காரணம் என்று நம்பிய அவ்வமைப்பு, கடற்காற்று நகருக்குள் புகுவதற்காக அகன்ற சாலைகளை வெட்டியது. நெரிசலைக் குறைப்பதற்காகத் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயன் பகுதிகளில் புதிய குடியிருப்புகளை வகுத்தது. பின்னாளில் தென்னிந்தியர் பலர் குடியேறிய மாட்டுங்காத் தெருக்கள் அவ்வாறு உருவானவை. பிளேக் காற்றில் இல்லை. ஆயினும் எலி ஒளிந்துகொள்ளும் இருட்டறைகளும் நெருங்கிய சுவர்களும் அங்கே குறைவாக இருந்தன. பூச்சி தன் அடுத்த இருப்பிடத்தைத் தேடிச் செல்லும் தொலைவு அதனால் மிகுந்தது.